கடைசி பில்லோட ஒரு பை குடுக்கிறீங்களே, அந்தப் பையைப் பத்தி ஒரு திறந்த மடல்

வீடும் அப்பார்ட்மென்ட்டும் கட்டிக் குடுக்கிற காண்ட்ராக்டர் அண்ணன்மாருக்கும், அவங்ககிட்ட வேலை பார்க்கிற சைட் இன்ஜினியர் தம்பி தங்கச்சிங்களுக்கும் வணக்கம்.

நான் பல்லாவரம் பக்கம் 36 வீடு இருக்கிற ஒரு அப்பார்ட்மென்ட்ல குடியிருக்கேன், அசோசியேஷன்ல மெயின்டனன்ஸ் என் தலையில கட்டிருக்காங்க. ஏன் என் தலையிலன்னா நானும் ஒரு காலத்துல உங்களை மாதிரி சைட்ல நின்னவன்தான், எட்டு வருஷம் சைட் இன்ஜினியர், அப்புறம் முதுகு வலி வந்து ஆபீஸ் வேலைக்குப் போயிட்டேன். அதனால இதை யாரோ வெளி ஆள் வந்து உங்களைத் திட்டுறதா எடுத்துக்காதீங்க. நிஜத்துல கட்டின மாதிரி இல்லாத டிராயிங்கைக் கையில குடுக்கிற தப்பைப் பத்திதான் இந்த மடல், அதே தப்பை நானும் பண்ணிருக்கேன், அதை கீழ சொல்றேன்.

2021 ஆகஸ்ட்ல எங்க பில்டிங் கைக்கு வந்துச்சு. ஹேண்ட் ஓவர் அன்னிக்கு கேக் வெட்டினோம், காண்ட்ராக்டர் சார்பா ஒருத்தர் வந்து ஒரு பெரிய துணிக்கடைப் பை குடுத்தார். உள்ள ஒரு ரோல் டிராயிங், ஒரு கட்டு வாரன்டி கார்டு, பம்ப்புக்கு ஒண்ணு, ஜெனரேட்டருக்கு ஒண்ணு, பேனலுக்கு ஒண்ணுன்னு கம்பெனி புக்லெட். பெற்றுக்கொண்டேன்னு ஒரு பேப்பர்ல அப்போதைய செகரட்டரி கையெழுத்து போட்டார். யாரும் திறந்து பார்க்கல, அன்னிக்கு யாருக்கும் அந்த மனசு இல்ல, எல்லாரும் கிச்சன் சிங்க்ல தண்ணி வருதா, பால்கனி டைல்ஸ் தட்டினா சத்தம் வருதான்னு பார்த்துட்டு இருந்தோம். பை ஆபீஸ் ரூம் லாஃப்ட்ல ஏறிடுச்சு.

டிராயிங்குக்காக அது கீழ இறங்கினது 2024 ஏப்ரல்ல. நடந்ததை கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

எங்களுக்குத் தண்ணி முக்கியமா போர்வெல்தான். பின்பக்க மூலையில போர், முன்பக்கம் கார் பார்க்கிங்குக்கு அடியில சம்ப், நடுவுல பேவர் பிளாக்குக்குக் கீழ பைப் லைன். சாதாரணமா அஞ்சு மணி நேரம் மோட்டார் ஓடினா 36 வீட்டுக்கும் போதும். அந்த ஏப்ரல்ல அதே அஞ்சு மணி நேரம் ஓடியும் சம்ப் நிறையல, அதுக்கு மேல ஓட்டினா போர் வத்தி ட்ரிப் ஆகுது, மீதிக்கு தினமும் ஒரு லாரி. வெயில் காலம், போர்ல தண்ணி இறங்கிடுச்சுன்னுதான் எல்லாரும் நினைச்சோம், வாட்ச்மேன்ல இருந்து பிரசிடென்ட் வரைக்கும். ஒரு மாசம் லாரிக்குக் காசு அழுத பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. போர் வாயில பைப்பை இணைக்கிற யூனியனைக் கழட்டி ஒரு 200 லிட்டர் டிரம் வச்சுப் பிடிச்சோம், ரெண்டரை நிமிஷத்துல நிறைஞ்சுது. அதே டிரம்மை சம்ப் வாயில வச்சுப் பிடிச்சா நாலு நிமிஷம். அதாவது போர்ல நிமிஷத்துக்கு 80 லிட்டர் வருது, சம்ப்புக்குப் போய்ச் சேர்றது 50. நடுவுல 30 லிட்டர் எங்கயோ போகுது, அஞ்சு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டா 9000 லிட்டர், சரியா நாங்க தினமும் வாங்கின லாரி. போர் நல்லாத்தான் இருக்கு, லைன்ல ஓட்டை.

சரி லைன் எங்க போகுதுன்னு பார்ப்போம்னு பையை இறக்கினோம். டிராயிங் ரோல்ல வெளிப்புற பிளம்பிங்னு ஒரு ஷீட், மேல சிவப்பு ஸ்டாம்ப்ல ஏஸ் பில்ட்னு அடிச்சிருக்கு, அதாவது நிஜத்துல எப்படிக் கட்டினாங்களோ அப்படியே வரைஞ்சதுன்னு அர்த்தம். போர்ல இருந்து வடக்குப் பக்க காம்பவுண்ட் சுவரை ஒட்டி ரெண்டடி ஆழத்துல நேர்க்கோடா சம்ப் வரைக்கும் பைப். பார்க்கவே கண்ணுக்கு அவ்வளவு சுத்தம். ஆள் வச்சு சுவர் ஓரமா நடுவுல பேவரை எடுத்துத் தோண்டினோம், ஒன்றரை அடியில பாறை, பைப் இல்ல. சம்ப் பக்கம் தள்ளி இன்னொரு இடம் தோண்டினோம், ரெண்டடியில வரிசையா செங்கல் தெரிஞ்சுது. சைட்ல நின்னவன்ங்கிறதால எனக்குத் தெரியும், மண்ணுக்குள்ள வரிசையா செங்கல் படுத்திருந்தா அதுக்குக் கீழ மணலும் கேபிளும் இருக்கும்னு, உடனே கடப்பாறையைக் கீழ போடச் சொன்னேன். எங்க பில்டிங்குக்கு வர்ற மெயின் ஈபி கேபிள். டிராயிங்ல அந்தக் கேபிள் எதிர்ப்பக்க சுவர்ல போகுது. அந்தச் செங்கல் மேல அடிச்ச அடி இன்னும் நாலு இஞ்ச் கீழ இறங்கிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் இப்ப எழுதப் போறதில்ல, உங்களுக்கே தெரியும்.

ரெண்டு நாள் போச்சு. மூணாவது நாள் ஒரு வழியா, கட்டும்போது பிளம்பிங் வேலை பார்த்த ஒரு பையனோட நம்பரைத் தேடிப் பிடிச்சோம், இப்ப அவர் ஓசூர்ல ஏதோ சைட்ல இருக்கார். வீடியோ கால்ல இடத்தைக் காட்டினேன், பத்து செகண்ட்ல சொல்றார், "அண்ணே, அங்க பாறை வந்துடுச்சுண்ணே, உடைக்க முடியல, பில்டிங் பக்கமா வளைச்சுட்டோம். அந்த மழைநீர் தொட்டி இருக்குல்ல, அதை ஒட்டியே வரும் பாருங்க." போய்த் தோண்டினோம். ரெண்டடி எல்லாம் இல்ல, ஒன்பது இஞ்ச்ல பைப், பாறை மேல மணல் கூடப் போடாம அப்படியே படுக்க வச்சிருக்கு, திரும்புற இடத்துல எல்போ விரிசல், மேல தினமும் கார் திரும்புற இடம். கசிஞ்ச தண்ணி பூரா பக்கத்துல இருந்த மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குள்ள இறங்கிருக்கு, அதனாலதான் மேல ஒரு ஈரம் கூடத் தெரியல. பூமியில இருந்து எடுத்த தண்ணியை மோட்டார் ஓட்டி கரன்ட் காசு குடுத்து திரும்ப பூமிக்கே அனுப்பிட்டு இருந்திருக்கோம், ஒரு மாசத்துக்கு மேல.

ஒரு எல்போ, நூறு ரூபாய்க்குள்ளதான். மாத்த ஒன்றரை மணி நேரம். தேடினது மூணு நாள்.

இதுல என் மேலயும் தப்பு இருக்கு. சம்ப் மூடியைத் திறந்து உள்ள எட்டிப் பார்த்திருந்தா பைப் எந்தச் சுவர் வழியா உள்ள வருதுன்னு முதல் நாளே தெரிஞ்சிருக்கும், டிராயிங்ல வடக்குச் சுவர், நிஜத்துல கிழக்குச் சுவர். ஏன் பார்க்கலன்னா கையில டிராயிங் இருந்துச்சு, ஸ்டாம்ப் இருந்துச்சு. டிராயிங்கே இல்லாம இருந்திருந்தா நிச்சயமா பார்த்திருப்பேன். நான் சொல்ல வர்றது இதுதான், தப்பான ஏஸ் பில்ட் டிராயிங் குடுக்கிறதுக்கு ஒண்ணும் குடுக்காமலே இருக்கலாம். டிராயிங் இல்லன்னா ஜாக்கிரதையா ஒவ்வொண்ணா தட்டிப் பார்த்து வேலை செய்வோம், இருந்தா நம்பிக் கடப்பாறையைப் போடுவோம்.

அந்த ஷீட்டை அப்புறமா உட்கார்ந்து நிதானமா பார்த்தேன். டைட்டில் பிளாக்ல தேதி, கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடுறதுக்கு முந்தின தேதி. ரிவிஷன் சைபர். அதைவிட வேடிக்கை, போரே தப்பான இடத்துல இருக்கு. எங்க இடத்துல முதல்ல போட்ட போர் ஃபெயில் ஆகி 12 அடி தள்ளி ரெண்டாவது போட்டாங்க, இப்ப ஓடுறது ரெண்டாவது. டிராயிங்ல இன்னும் முதல் போர்தான் இருக்கு. அதாவது வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல இருந்து சைட்டுக்கு வந்த அதே டிராயிங்கை, கட்டுறதுக்கு அனுமதிச்ச டிராயிங்கை, ஒரு கோடு கூட மாத்தாம பேரை மட்டும் மாத்தி ஸ்டாம்ப் அடிச்சுக் குடுத்திருக்கீங்க.

எனக்கு எப்படி இவ்வளவு சரியா தெரியும்னா, நானே பண்ணிருக்கேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு சைட் முடியுற நேரம், ஃபைனல் பில் போகணும், கிளையன்ட் ஏஸ் பில்ட் இல்லாம பாஸ் பண்ண மாட்டேன்னுட்டார். சீனியர் கூப்பிட்டு ரெண்டு நாள்ல குடுன்னார். சுவர் பூசியாச்சு, டைல்ஸ் ஒட்டியாச்சு, ட்ரென்ச் மூடியாச்சு, எலக்ட்ரீஷியன் வேற சைட்டுக்குப் போயாச்சு, நான் எங்கிருந்து அளக்கிறது. ஆட்டோகேட்ல ஃபைலைத் திறந்து, நாற்பது ஷீட்டுக்கும் பேரை மாத்தி சேவ் பண்ணிக் குடுத்துட்டேன். பில் பாஸ் ஆச்சு. எனக்கு சீனியர் டீ வாங்கிக் குடுத்தார். அந்த பில்டிங்ல இன்னிக்கு யார் எங்க டிரில் போட்டு எந்த பைப்பை ஓட்டை போட்டுட்டு இருக்காங்களோ தெரியல.

அதனால சொல்றேன், இது நேர்மை இல்லாத ஆளுங்க பண்ற தப்பு மட்டும் இல்ல, நேரம் தப்பா வச்சதால வர்ற தப்பு. ஏஸ் பில்ட்டை கடைசியில வரைய முடியாது. மூடுறதுக்கு முந்தின நாள் மட்டும்தான் வரைய முடியும். கான்கிரீட் ஊத்துறதுக்கு முந்தின நாள், சுவர் பூசுறதுக்கு முந்தின நாள், மண் தள்ளுறதுக்கு முந்தின நாள். அன்னிக்கு விட்டா போச்சு, அப்புறம் எவ்வளவு சம்பளம் குடுத்து எந்த டிராஃப்ட்ஸ்மேனை உட்கார வச்சாலும் அவர் கற்பனைதான் வரைவார்.

இதுக்குப் பெருசா செலவு இல்ல. சைட் ஆபீஸ்ல ஒரு செட் பிரின்ட் சுவர்ல மாட்டுங்க, பக்கத்துல கயிறு கட்டி ஒரு சிவப்புப் பேனா. ட்ரென்ச்ல பைப் போட்டாச்சா, மண் தள்ளுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு திருப்பத்துக்கும் ரெண்டு அளவு எடுங்க, ஒண்ணு பில்டிங் மூலையில இருந்து, இன்னொண்ணு காம்பவுண்ட் சுவர் மூலையில இருந்து. எப்பவும் நகராத ரெண்டு புள்ளியில இருந்து டேப் பிடிச்சு ரெண்டு அளவு இருந்தா, இருபது வருஷம் கழிச்சும் ரெண்டு பேர் ரெண்டு டேப் வச்சு ரெண்டும் சந்திக்கிற இடத்தைத் தொட்டுடலாம். மரத்துல இருந்து, செக்யூரிட்டி கேபின்ல இருந்து எல்லாம் அளக்காதீங்க, அதெல்லாம் இடம் மாறும். கூடவே ஆழம். அதைச் சிவப்புல எழுதி சூப்பர்வைசர் ஒரு கையெழுத்து, தேதி. அதுக்கப்புறம்தான் மண். பைப்புக்கு ஒரு அடி மேல எச்சரிக்கை டேப் ஒண்ணு போட்டு மூடினா இன்னும் புண்ணியம், கடப்பாறைக்கு முதல்ல அது மாட்டும்.

பாத்ரூம் சுவருக்கும் இதேதான். பூசுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் நேரா நின்னு ஒரு போட்டோ, சுவர்ல தரையில இருந்து ஒரு டேப்பை நீட்டி ஒட்டி வச்சுட்டு எடுங்க, படத்துலயே உயரம் தெரியும். எங்க பில்டிங்ல கீசர் மாட்ட, டவல் ராட் மாட்டன்னு பைப்ல டிரில் போட்டவங்க கதையே தனியா எழுதலாம். போட்டோ எடுத்தாங்களாம், எடுக்காம இல்ல, அந்த சைட் இன்ஜினியர் வாட்ஸப்ல இருந்துச்சாம், அவர் போன் மாத்தினப்ப போயிடுச்சாம். அதனால எடுத்த அன்னிக்கே வீட்டு நம்பர், ரூம், எந்தச் சுவர்னு பேர் வச்சு கம்பெனி கம்ப்யூட்டர்ல ஏத்துங்க, 36 வீட்டுக்கும் சேர்த்து ஒரு பென் டிரைவ்ல அடங்கிடும். பெருசா வரையத் தெரிஞ்ச ஆள் வேணும்னு இல்ல, அந்த சிவப்புப் பேனா பிரின்ட்டை ஸ்கேன் பண்ணி அப்படியே குடுத்தாக் கூட நான் கும்பிட்டு வாங்கிப்பேன். அழுக்கா, டீ கறையோட, அடிச்சுத் திருத்தின டிராயிங் வந்தா எனக்கு நம்பிக்கை வரும். ஒரு கோடு கூட மாறாத சுத்தமான டிராயிங் வந்தாத்தான் பயமா இருக்கு, எந்த சைட்டும் டிராயிங்ல இருக்கிற மாதிரியே கட்டி முடிஞ்சதா நான் பார்த்ததில்ல, நீங்க பார்த்திருக்கீங்களா?

இப்ப வாரன்டி கார்டு விஷயத்துக்கு வர்றேன், அதுவும் அதே போர்தான்.

குடி வந்து பத்து மாசம், 2022 ஜூன்ல சப்மெர்சிபிள் பம்ப் எரிஞ்சு போச்சு. பரவால்ல, வாரன்டி இருக்கும்னு பையில இருந்து கார்டை எடுத்தோம். கார்டு வெள்ளையா இருக்கு. வாங்கின தேதி இல்ல, சீரியல் நம்பர் இல்ல, டீலர் சீல் இல்ல. டீலர் யாருன்னு விசாரிச்சுப் போனா அவர் பில்லோட வாங்கன்னார், பில் காண்ட்ராக்டர் பேர்ல, காண்ட்ராக்டர் ஆபீஸ்ல. கெஞ்சி வாங்கினா அதுல தேதி 2020 பிப்ரவரி. எங்க கைக்கு பில்டிங் வர்றதுக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி. அப்பவே அந்த பம்ப்பை இறக்கி, கட்டுமானத்துக்கும் கியூரிங்குக்கும் அதே தண்ணியில ஓட்டிருக்கீங்க. ஒரு வருஷ வாரன்டி, நாங்க பால் காய்ச்சுறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே முடிஞ்சு போச்சு.

கட்டுறதுக்குத் தண்ணி வேணும், அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா சைட்டுக்குன்னு ஒரு பழைய பம்ப் ஓட்டிட்டு, ஹேண்ட் ஓவருக்கு முன்னாடி புதுசு இறக்கலாம், இல்ல இது இத்தனை மாசம் ஓடின பம்ப், வாரன்டி முடிஞ்சதுன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கலாம். வெள்ளைக் கார்டைப் பையில போட்டுக் குடுத்தா அது வாரன்டி இல்ல, பேப்பர்.

சீரியல் நம்பருக்கும் ஒரு வேடிக்கை இருக்கு. டீலர் கடைசியில இரக்கப்பட்டு, சரி நம்பரை எழுதிட்டு வாங்க, கம்பெனியில கேட்டுப் பார்க்கிறேன்னார். நம்பர் எங்க இருக்கு, பம்ப் மேல தகடுல இருக்கு. பம்ப் எங்க இருக்கு, போருக்குள்ள. எவ்வளவு ஆழத்துல இருக்குன்னும் தெரியாது. தூக்க வந்த ஆளுங்க முதல் கேள்வியே எத்தனை பைப் இறக்கிருக்குன்னுதான், கயிறு கட்டிருக்கா, கேபிள் என்ன சைஸ், எதுக்கும் எங்ககிட்ட பதில் இல்ல. ஒவ்வொண்ணா தூக்கி எண்ணினோம், பத்தடி பைப் 24, அப்போ 240 அடி. தகட்டைத் துடைச்சுப் பார்த்தா மூணு ஹெச்பி, எத்தனை ஸ்டேஜ்னு எழுதினது தேய்ஞ்சு போச்சு. ஆழத்துக்கு ஏத்த ஸ்டேஜ் இல்லாத பம்ப் வாங்கினா மோட்டார் ஓடும், தண்ணி மேல வராது, அதனால ஆழத்தை அளந்து, தண்ணி மட்டத்தைப் பார்த்து, டீலரே கணக்குப் போட்டு வேற பம்ப் குடுத்தார். அந்த நாலு நாளும் லாரிதான்.

பம்ப்பை இறக்குறதுக்கு முன்னாடி அந்தத் தகட்டை ஒரு போட்டோ. கீழ எத்தனை பைப், எத்தனை அடி, எந்த கேபிள், போர் எத்தனை அடி, எத்தனை அடி வரைக்கும் கேசிங், தண்ணி எங்க இருந்துச்சுன்னு ஒரு சின்ன சீட்டு. போர் போட்ட ஆள் எப்படியும் ஒரு பேப்பர்ல எழுதித்தான் உங்ககிட்ட காசு வாங்கிருப்பார், அதை ஜெராக்ஸ் எடுத்துப் பையில போட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. மண்ணுக்குள்ளயும் சுவருக்குள்ளயும் தண்ணிக்குள்ளயும் போற எந்தப் பொருளுக்கும் இதே கதைதான், தகடு கண்ணுக்குத் தெரியுற கடைசி நாள்ல எடுக்கணும்.

பில் உங்க பேர்ல இருக்கட்டும், ஜிஎஸ்டிக்கு உங்களுக்குத் தேவை. விலையை மறைச்சுட்டு ஒரு காப்பி குடுங்க, யாருக்கு எந்த இடத்துல மாட்டினதுன்னு டீலர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிக் குடுங்க. கம்பெனியில போன்லயே வாரன்டி ரெஜிஸ்டர் பண்ற வசதி இருந்தா அசோசியேஷன் நம்பரைக் குடுத்து நீங்களே பண்ணிடுங்க, உங்க ஸ்டோர் கீப்பர் நம்பர்ல பண்ணாதீங்க. வாரன்டி எப்ப இருந்து எண்ணுறாங்கன்னு பாருங்க, வாங்கின நாள்ல இருந்தா, மாட்டி ஓட்டின நாள்ல இருந்தா. கடையில இருந்து வந்து உங்க குடோன்ல எட்டு மாசம் தூங்கின பொருளுக்கு எங்க கையில நாலு மாசம்தான் மிச்சம், அதை அன்னிக்கே சொல்லிட்டா நாங்க அதுக்குள்ள ஓட்டிப் பார்த்துக் குறை இருந்தா சொல்லிடுவோம்.

மொட்டைமாடி வாட்டர் ப்ரூஃபிங் கேரன்டியைப் பத்தி ஒரு வார்த்தை. ஸ்டாம்ப் பேப்பர்ல பத்து வருஷம்னு போட்டுக் குடுத்தீங்க, நல்லது. ரெண்டாவது பக்கத்துல சின்ன எழுத்துல, மேல யாராவது ஓட்டை போட்டா கேரன்டி செல்லாதுன்னு இருக்கு, அது நியாயமும்கூட. ஆனா அதை எங்களுக்கு வாயால சொல்லல, நாங்க மறு வருஷம் சோலார் ஸ்டாண்டுக்குத் தளத்துல ஆங்கர் போல்ட் அடிச்சோம். பத்து வருஷ கேரன்டி ஒரு சனிக்கிழமை மத்தியானத்துல முடிஞ்சுது. கையெழுத்து வாங்குற அன்னிக்கு, "சார், மாடியில டிரில் மட்டும் போட்டுடாதீங்க, பெடஸ்டல் கட்டி அது மேல வைங்க" அப்படின்னு யாராவது ஒருத்தர் சொல்லிருந்தா போதும்.

மெயின்டனன்ஸ் மேனுவல்னு குடுத்ததைப் பத்தி நான் அதிகம் சொல்லப் போறதில்ல. கம்பெனி புக்லெட்டை அடுக்கிக் குடுத்திருக்கீங்க, அதுல இங்கிலீஷ், இந்தி எல்லாம் இருக்கு, எங்க பில்டிங் மட்டும் இல்ல. எங்க மாடியில 11 வால்வ் இருக்கு, ஒண்ணுலயும் பேர் இல்ல. 302-ல பைப் உடைஞ்சா வாட்ச்மேன் அண்ணன் மாடி ஏறி ஒவ்வொரு வால்வா மூடி மூடிக் கீழ போன் பண்ணி "நின்னுச்சா மேடம், நின்னுச்சா மேடம்"னு கேட்பார், அதுக்குள்ள 302-ல ஹால் நனைஞ்சிருக்கும். எங்களுக்கு வேண்டிய மேனுவல் ஒரு பக்கம்தான், தமிழ்ல, லேமினேட் பண்ணி வால்வ் பக்கத்துலயே மாட்டினது, எந்த வால்வ் எந்த வீட்டு எந்த பாத்ரூம்னு. பேனல் கதவுக்கு உள்பக்கம் இன்னொரு பக்கம், ஓவர்லோட் எத்தனை ஆம்பியர்ல செட் பண்ணிருக்கு, தண்ணி இல்லாம ஓடுறதைத் தடுக்கிற ரிலே எத்தனை நிமிஷம் கழிச்சு மறுபடி எடுக்கும். இந்த செட்டிங்கை யாரோ ஒரு எலக்ட்ரீஷியன் அவசரத்துக்கு ஏத்தி விட்டுட்டுப் போனதாலதான் எங்க முதல் பம்ப் எரிஞ்சதோன்னு எனக்கு இன்னும் சந்தேகம், ஒரிஜினல் செட்டிங் என்னன்னு எங்கயும் எழுதி இல்லாததால நிரூபிக்க வழி இல்ல.

சட்டம் பேசலாமா? சட்டம் எங்க பக்கம்தான் இருக்கு. ரேராங்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 17(2), கட்டி விக்கிற புரமோட்டர் பொதுப் பகுதி உட்பட ஆவணங்களையும் பிளானையும் அசோசியேஷன்கிட்ட ஒப்படைக்கணும், அதுக்குன்னு தனியா உள்ளூர்ச் சட்டம் இல்லாத இடத்துல கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வந்து 30 நாளுக்குள்ள. பிரிவு 14(3)படி கைக்கு வந்து அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டுமானத்துலயோ வேலைத் தரத்துலயோ குறை தெரிஞ்சு சொன்னா 30 நாள்ல இலவசமா சரி பண்ணணும். எங்க பைப் உடைஞ்சப்ப மூணு வருஷம் கூட ஆகல, அதனால அதையும் கேட்டோம், மறுக்காம ஒரு ஆளையும் அனுப்பினாங்க. வந்தவர் கையிலயும் அதே டிராயிங். அவரும் சுவர் ஓரமாத்தான் தோண்டலாம்னார். சட்டம் ஆளை வரவைக்கும் சார், பைப் எங்க இருக்குன்னு சட்டத்துக்குத் தெரியாது.

தனி வீடு கட்டிக் குடுக்கிறவங்க, எங்களுக்கு ரேரா இல்லையேன்னு நினைக்கலாம். அங்க அக்ரிமென்ட்தான் சட்டம், ஆனா நான் பார்த்த வீட்டு அக்ரிமென்ட்ல எல்லாம் கம்பி என்ன பிராண்ட், சிமென்ட் என்ன பிராண்ட்னு ஒரு பக்கம் இருக்கும், கடைசியில என்ன பேப்பர் குடுப்பீங்கன்னு ஒரு வரி இருக்காது. மத்திய அரசு வேலை எடுத்தவங்களுக்குத் தெரியும், சிபிடபிள்யூடி ஒப்பந்தத்துல 8பி-ன்னு ஒரு பிரிவே கம்ப்ளீஷன் பிளானுக்காக இருக்கு, வேலை முடிஞ்சு 30 நாளுக்குள்ள குடுக்கணும், குடுக்கலன்னா காசு பிடிப்பாங்க. அங்க குடுக்க முடியுது, இங்க முடியாதா? வீட்டுக்காரங்க கேட்கிறதில்ல, அதுவும் உண்மைதான். நீங்களே அக்ரிமென்ட்ல அந்த வரியைச் சேர்த்து, ஃபைனல் பில்லை ரெண்டா பிரிச்சு, சின்னப் பங்கு ஒண்ணை பேப்பருக்குன்னு எழுதிடுங்க. அப்போ டிராயிங் வேலைக்கு ஒரு விலை வந்துடும், உங்க சைட் இன்ஜினியருக்கும் அதைச் செய்ய நேரம் கிடைக்கும், இப்ப அது ஓசி வேலையா இருக்கிறதாலதான் கடைசி ரெண்டு நாளுக்குத் தள்ளிப் போகுது.

பையைக் குடுக்கிற அன்னிக்கு கேக் வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் குடுங்க. டிராயிங்கை விரிச்சு, ஏதாவது மூணு இடம் எங்களையே காட்டச் சொல்லுங்க, ஒரு சேம்பர், ஒரு வால்வ், போர் வாய். டேப் வச்சு அளந்து டிராயிங்ல இருக்கிற அளவோட பார்ப்போம். மூணும் சரியா இருந்தா மீதியையும் நம்பிக் கையெழுத்துப் போடுறோம். ஒண்ணு தப்பா இருந்தாலும் பையை நீங்களே எடுத்துட்டுப் போங்க, சரி பண்ணிக் கொண்டு வாங்க, கேக் ஃப்ரிட்ஜ்ல இருக்கட்டும்.

அப்புறம், எங்க பில்டிங்கைக் கட்டின டீம்ல இருந்த யாராவது இதைப் படிச்சா ஒரு உதவி. கிழக்குப் பக்கம் செப்டிக் டேங்க்ல இருந்து தெரு டிரெயினேஜ் வரைக்கும் போற லைன் டிராயிங்ல இருக்கிற இடத்துல இல்ல, பார்த்துட்டோம். மண் மூடுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ ஒண்ணாவது உங்க பழைய போன்ல கிடந்தா, மங்கலா இருந்தாலும் பரவால்ல, அசோசியேஷன் நம்பருக்கு அனுப்பி வைங்க. அடுத்த மாசம் அந்தப் பக்கம் தோண்ட வேண்டியிருக்கு.

இப்படிக்கு,
மெயின்டனன்ஸ் பார்த்துக்கிற முன்னாள் சைட் இன்ஜினியர்